வளைந்த அம்பின் வாலிலிருந்து வாசியுங்கள்

கேள்வி: பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வினைவழிமுறை ஸ்லைடுகளில் வளைந்த அம்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. எஸ்டர் நீராற்பகுப்பை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டேன். ஆனால் ஒரு அம்பு ஏன் அங்கே தொடங்கி இங்கே முடிகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இந்த ஸ்லைடுகளை எப்படித்தான் வாசிப்பது?

பதில்:

அம்பைப் பார்த்தால் கண் முதலில் அதன் நுனிக்குப் போகும். சாலையோரப் பலகை அப்படித்தான் நம்மைப் பழக்கியிருக்கிறது. வினைவழிமுறையில் அந்தப் பழக்கத்தைத் திருப்பிப் போட வேண்டும். வால் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். அங்கே இரண்டு எலக்ட்ரான்கள் இருந்தே ஆக வேண்டும். ஒன்று, அணுவின் மேல் பிணைப்பில் சேராமல் இருக்கும் தனித்த ஜோடி. இல்லையென்றால், இரண்டு அணுக்களைப் பிடித்திருக்கும் ஒரு பிணைப்பு. வேறு எங்கிருந்தும் அம்பு கிளம்ப முடியாது. நேர்மின்சுமைக் குறியிலிருந்து கிளம்பாது, H⁺ என்ற எழுத்திலிருந்தும் கிளம்பாது. H⁺ இடம் ஒரு எலக்ட்ரான்கூட இல்லை. இல்லாதவன் எதை அனுப்புவான்? நுனி அந்த ஜோடி போய்ச் சேரும் இடம்: ஒரு புதிய பிணைப்பு அல்லது ஒரு அணுவின் மேல் புதிய தனித்த ஜோடி. (நுனியில் ஒரு பக்கம் மட்டும் கொக்கி இருந்தால் அது ஒற்றை எலக்ட்ரான். தனி உறுப்பு வினைகளில்தான் அது வரும், இங்கே தேவையில்லை.)

இந்த அம்பு அணுவின் நகர்வைக் காட்டுவதில்லை. நான் மாணவனாக இருந்தபோது இதை ஒன்றரை ஆண்டுகள் தவறாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். HO⁻ இலிருந்து கார்பனுக்கு ஒரு அம்பு போனால், HO பறந்து போய்க் கார்பனில் ஒட்டிக்கொள்கிறது என்று படித்தேன். அந்த இடத்தில் தவறு வெளியே தெரியாது, ஏனென்றால் விளைபொருள் சரியாகவே வரும். புரோட்டான் இடம் மாறும் வினையில்தான் குட்டு உடைந்தது. அங்கே ஹைட்ரஜன் காரத்தை நோக்கிப் போகிறது. அம்போ காரத்திலிருந்து ஹைட்ரஜனை நோக்கிப் போகிறது. அணு ஒரு திசை, எலக்ட்ரான் எதிர்த்திசை. இந்த ஒரு முரண் மனத்தில் பதிந்தால் பாதி ஸ்லைடுகள் தாமாகவே திறந்துகொள்ளும்.

நீங்கள் மனப்பாடம் செய்த வினையையே எடுத்துக்கொள்வோம்: எத்தில் அசிடேட், CH₃COOC₂H₅, சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில். சோப்பு காய்ச்சும்போது எண்ணெயில் நடப்பதும் இதே வினைதான், மூலக்கூறு மட்டும் பெரிது.

ஸ்லைடில் பெரும்பாலும் NaOH என்றே எழுதியிருப்பார்கள். முதல் வேலை, அதை உடைத்து Na⁺, HO⁻ என்று எழுதுவது. Na⁺ ஓரமாக நிற்கும் பார்வையாளர். பிறகு ஸ்லைடு மறைத்த தனித்த ஜோடிகளைப் பென்சிலால் போடுங்கள். HO⁻ இன் ஆக்சிஜனில் மூன்று ஜோடி, எஸ்டரின் இரண்டு ஆக்சிஜன்களிலும் இரண்டிரண்டு ஜோடி. இடம் போதவில்லை என்று ஸ்லைடு தயாரித்தவர் இவற்றை விட்டுவிடுகிறார்; வாசிப்பவருக்கு அம்பு வெறும் காற்றிலிருந்து கிளம்புவது போலத் தெரிகிறது. புரியாமைக்கு இதைவிடப் பெரிய காரணம் வேறு எதையும் நான் கண்டதில்லை.

முதல் படியில் இரண்டு அம்புகள். ஒன்று, HO⁻ இன் ஒரு தனித்த ஜோடியிலிருந்து கார்பனைல் கார்பனுக்கு. இன்னொன்று, C=O இரட்டைப் பிணைப்பின் நடுவிலிருந்து அதன் ஆக்சிஜனுக்கு. ஏன் அந்தக் கார்பன்? அதன் இரட்டைப் பிணைப்பில் இருக்கும் எலக்ட்ரான்களை ஆக்சிஜன் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது. மேலே ஒற்றைப் பிணைப்பில் தொங்கும் ஆக்சிஜனும் சேர்ந்து இழுக்கிறது. ஆக, அந்தக் கார்பன் எலக்ட்ரான் பற்றாக்குறையில் இருக்கிறது. ஏன் இரண்டாவது அம்பு? கார்பனைச் சுற்றி நான்கு பிணைப்புகளுக்கு மேல் இடமில்லை. இரட்டைப் பிணைப்பை இரண்டாக எண்ணினால் ஏற்கெனவே நான்கு நிரம்பிவிட்டது. ஒருவர் உள்ளே வர வேண்டுமானால் ஒருவர் வெளியேற வேண்டும். மிகச் சுலபமாக விட்டுக்கொடுப்பது பை பிணைப்பு. இரண்டாவது அம்பை மறந்தால் கார்பனுக்கு ஐந்து பிணைப்பு வரும். விடைத்தாள்களில் நான் சிவப்பு மை அதிகம் செலவழித்த இடம் அதுதான்.

ஸ்லைடில் அம்புகள் அனிமேஷனில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். அதைக் காலவரிசை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே படத்தில் வரைந்த இரண்டு அம்புகளும் ஒரே நிகழ்வின் இரண்டு பாகங்கள். ஒரு ஜோடி நெருங்க நெருங்க மற்றது விலகுகிறது. அடுத்தடுத்து நடப்பவற்றுக்கு இடையே நேரான அம்பு போட்டுப் புதிய படம் வரைவார்கள். இடத்தை மிச்சப்படுத்த, முதல் படியின் விளைபொருள் மேலேயே இரண்டாம் படியின் அம்புகளை ஏற்றி வைப்பதும் உண்டு. அப்போது அந்தப் படம் இரண்டு வேலை செய்கிறது: இதுவரை நடந்ததன் முடிவும் அதுவே, இனி நடக்கப்போவதன் தொடக்கமும் அதுவே. தாளில் அதை இரண்டு முறை தனித்தனியாக வரைந்துகொள்வது நல்லது.

இப்போது கணக்குப் பாருங்கள். ஒரு அணுவின் மின்சுமையைக் கண்டுபிடிக்க, அதன் இணைதிறன் எலக்ட்ரான்களிலிருந்து தனித்த எலக்ட்ரான்களையும் பிணைப்புகளின் எண்ணிக்கையையும் கழிக்க வேண்டும். வந்து சேர்ந்த ஆக்சிஜனுக்கு முன்பு 6 − 6 − 1, அதாவது −1. ஒரு ஜோடியைப் பிணைப்பாக்கிய பிறகு 6 − 4 − 2, சுழி. கார்பனைல் ஆக்சிஜன் சுழியில் இருந்தது. பிணைப்பு ஜோடியைத் தன்மேல் வாங்கிக்கொண்டதும் 6 − 6 − 1, அது இப்போது −1. எதிர்மின்சுமை ஒரு ஆக்சிஜனிலிருந்து இன்னொன்றுக்கு மாறிவிட்டது, மொத்தம் அதே −1. அம்புகளின் வரிசையில் முதல் வால் இருக்கும் இடம் எதிர்மின்சுமையை இழக்கும், கடைசி நுனி இருக்கும் இடம் அதைப் பெறும். நடுவில் இருப்பவர்களின் கணக்கு மாறாது. உங்கள் படத்தில் இது ஒத்துவரவில்லை என்றால் எங்கோ ஒரு அம்பு குறைகிறது.

கிடைப்பது நான்முகி வடிவ வினை இடைநிலை: ஒரே கார்பனில் CH₃, O⁻, OH, OC₂H₅ என்று நால்வர். அது நிலைத்து நிற்காது. இரண்டாம் படியில் O⁻ இன் தனித்த ஜோடி திரும்ப இறங்கி இரட்டைப் பிணைப்பாகிறது. மறுபடி ஐந்து வந்துவிடும் என்பதால் ஒருவர் போயாக வேண்டும். யார் போவது? மூன்று பேர் இருக்கிறார்கள். இந்தக் கேள்விக்கான காரணத்தைச் சொல்லாமல் ஸ்லைடு நேராக C–OC₂H₅ பிணைப்பிலிருந்து ஆக்சிஜனுக்கு அம்பைப் போட்டுவிடும்.

காரணம் எண்களில் இருக்கிறது. ஒரு தொகுதி ஜோடியோடு வெளியேறும் வசதியை அதன் இணை அமிலத்தின் pKa ஓரளவு சொல்லும். CH₃⁻ போனால் அதன் இணை அமிலம் மீத்தேன், pKa ஏறக்குறைய 50. அந்தப் பேச்சே வேண்டாம். C₂H₅O⁻ இன் இணை அமிலம் எத்தனால், ஏறக்குறைய 16. HO⁻ க்கு நீர், 15.7. அப்படியானால் HO⁻ வெளியேறுவதும் எத்தாக்சைடு வெளியேறுவதும் ஏறக்குறைய சம வாய்ப்புத்தானே? ஆம், அப்படித்தான். HO⁻ வெளியேறினால் தொடங்கிய எஸ்டரே திரும்பக் கிடைக்கும். அந்தப் பின்னோக்கிய அம்பும் உண்மையானதே; ஸ்லைடில் மேலும் கீழுமாக இரட்டை அரை அம்புகள் போட்டிருந்தால் அதைத்தான் சொல்கிறார்கள்.

பிறகு எப்படி வினை முழுமையாக முடிகிறது? மூன்றாம் படியால். வெளியேறிய எத்தாக்சைடு, அருகிலிருக்கும் அசிட்டிக் அமிலத்தின் புரோட்டானை எடுத்துக்கொள்கிறது. அம்பு எத்தாக்சைடு ஆக்சிஜனின் தனித்த ஜோடியிலிருந்து ஹைட்ரஜனுக்கு. அடுத்தது O–H பிணைப்பிலிருந்து அமிலத்தின் ஆக்சிஜனுக்கு. அசிட்டிக் அமிலத்தின் pKa 4.76, எத்தனாலுக்கு 16. இந்தப் பதினொரு அலகு வித்தியாசம் என்பது சமநிலை மாறிலியில் பத்தின் பதினொன்றாம் அடுக்கு. திரும்பி வர வழியே இல்லை. கிடைத்த அசிடேட் அயனியில் எதிர்மின்சுமை இரண்டு ஆக்சிஜன்களிலும் பரவியிருப்பதால் HO⁻ க்கு அதைத் தாக்க ஆர்வமும் இருக்காது. பல ஸ்லைடுகள் இந்தப் படியை 'பிறகு புரோட்டான் மாற்றம்' என்று ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. வினையை இழுத்துப் போகும் படி அதுதான் என்பதால் எனக்கு அதில் எப்போதும் ஒரு மனக்குறை உண்டு.

இதன் விளைவை ஆய்வகத்தில் தராசிலேயே பார்க்கலாம். 8.8 கிராம் எத்தில் அசிடேட் என்பது 0.1 மோல். அதை முழுவதும் பகுக்க 4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு தேவை. 2 கிராம் போட்டால் பாதி எஸ்டர் மிஞ்சும். HO⁻ வினையூக்கி அல்ல, செலவாகும் பொருள் என்பதை மூன்றாம் படியின் அம்புகள் முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. அசிட்டிக் அமிலமாகவே வேண்டுமென்றால் கடைசியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்க்க வேண்டியிருப்பதும் இதனால்தான்.

அடுத்த ஸ்லைடில் அமிலத்தில் நடக்கும் நீராற்பகுப்பு வரும். அங்கே படிகள் கூடுதல், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. கார்பனைல் ஆக்சிஜன் தன் தனித்த ஜோடியால் முதலில் புரோட்டானைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் கார்பனின் பற்றாக்குறை அதிகமாகி, வலுவற்ற நீரே அதைத் தாக்கப் போதுமானதாகிறது. வெளியேறுவது எத்தாக்சைடு அல்ல, புரோட்டான் ஏற்றதால் மின்சுமையற்ற எத்தனால். இந்த இரண்டு ஸ்லைடுகளையும் கலந்துவிடுவதுதான் மாணவர்களின் வாடிக்கை. அதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை இருக்கிறது: காரக் கரைசலின் படங்களில் கரிம மூலக்கூறுகளுக்குச் சுழி அல்லது எதிர்மின்சுமை மட்டுமே இருக்க வேண்டும், அமிலக் கரைசலின் படங்களில் சுழி அல்லது நேர்மின்சுமை மட்டுமே. காரத்தில் H₃O⁺ எழுதினாலும், அமிலத்தில் C₂H₅O⁻ வெளியேறுவதாக வரைந்தாலும், அம்புகள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் படம் தவறு.

அம்புகள் சரியாக இருப்பது வேறு, வினை அப்படி நடப்பது வேறு. இதை வகுப்பில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. ராபர்ட் ராபின்சனும் வில்லியம் கெர்மாக்கும் 1922 இல் வெளியிட்ட கட்டுரையில்தான் எலக்ட்ரான் நகர்வுக்கு இந்த வளைந்த அம்புகள் முதலில் வந்தன. எலக்ட்ரான் அந்த வளைவின் வழியே போகிறது என்று அதற்குப் பொருளில்லை. பழைய பிணைப்பமைப்பிலிருந்து புதிய பிணைப்பமைப்புக்கு ஜோடிகளின் கணக்கை எழுதும் முறை அது. கணக்கு சரியாக வரும் வேறொரு வழியையும் அதே எழுத்தில் எழுதிவிடலாம்.

எழுதிப் பாருங்கள். HO⁻ கார்பனைல் கார்பனைத் தொடாமல், எத்தில் தொகுதியின் CH₂ கார்பனைப் பின்புறமிருந்து தாக்கட்டும். ஒரு அம்பு HO⁻ இன் ஜோடியிலிருந்து அந்தக் கார்பனுக்கு. இன்னொன்று அந்தக் கார்பனுக்கும் எஸ்டர் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பிலிருந்து ஆக்சிஜனுக்கு. ஒரே படியில் எத்தனாலும் அசிடேட்டும் கிடைத்துவிடும். கார்பனுக்கு நான்கு பிணைப்பு, மின்சுமை −1, வெளியேறுவதோ எத்தாக்சைடைவிட நிம்மதியான அசிடேட். அம்பு விதிகளின்படி குறை சொல்ல ஒன்றுமில்லை. விளைபொருள்களும் அவையே. வினைவேகத்தை அளந்தாலும் பிரித்தறிய முடியாது. இரண்டு வழிகளிலும் வேகம் எஸ்டரின் செறிவையும் HO⁻ இன் செறிவையும் பொறுத்தது, இரண்டாம் வகை வினை.

இரண்டு வழிகளிலும் வேறுபடுவது ஒன்றே ஒன்று: HO⁻ கொண்டுவந்த ஆக்சிஜன் கடைசியில் எங்கே போகிறது. கார்பனைலைத் தாக்கினால் அது அசிடேட்டில் இருக்கும். CH₂ கார்பனைத் தாக்கினால் ஆல்கஹாலில் இருக்கும். சாதாரண ஆக்சிஜன்கள் எல்லாம் ஒன்றுபோல இருப்பதால், சற்றே கனமான ஆக்சிஜன்-18 ஐ அடையாளமாகப் பயன்படுத்த வேண்டும். மைக்கேல் பொலானியும் சாபோவும் 1934 இல் இதைத்தான் செய்தார்கள். ஆக்சிஜன்-18 செறிந்த நீரில், காரத்தில், அமைல் அசிடேட்டைப் பகுத்தார்கள். கிடைத்த அமைல் ஆல்கஹாலில் கூடுதல் ஆக்சிஜன்-18 இல்லை. ஆக, உடைந்தது கார்பனைல் பக்கத்துப் பிணைப்பு. உங்கள் ஸ்லைடில் அம்பு எஸ்டர் ஆக்சிஜனின் இடப்பக்கப் பிணைப்பிலிருந்து கிளம்புகிறதா, வலப்பக்கப் பிணைப்பிலிருந்தா என்ற ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குப் பின்னால் இந்தச் சோதனை நிற்கிறது.

நான்முகி இடைநிலைக்கும் இதே போன்ற சாட்சி உண்டு. 1951 இல் மைரன் பெண்டர், எத்தில் பென்சோயேட்டின் கார்பனைல் ஆக்சிஜனையே ஆக்சிஜன்-18 ஆக மாற்றிக்கொண்டு வினையைத் தொடங்கினார். பாதியில் நிறுத்தி, இன்னும் வினைபுரியாமல் இருந்த எஸ்டரைப் பிரித்துப் பார்த்தார். அதில் ஆக்சிஜன்-18 குறைந்திருந்தது. HO⁻ வந்து ஒட்டி, O⁻ உம் OH உம் தங்களுக்குள் புரோட்டானை மாற்றிக்கொண்டு, பழைய ஆக்சிஜன் HO⁻ ஆக வெளியேறியிருந்தால்தான் அப்படி ஆகும். நாம் மேலே பார்த்த அந்தப் பின்னோக்கிய அம்பு, அளந்து பார்த்த உண்மை. ஒரே மூச்சில் HO⁻ உள்ளே வந்து எத்தாக்சைடு வெளியே போயிருந்தால், வினைபுரியாத எஸ்டரில் எந்த மாற்றமும் இருந்திருக்காது.

ஆகவே ஒரு ஸ்லைடை எடுத்தால் நான் இப்படித்தான் போவேன்: மறைந்த ஜோடிகளைப் போடுவேன், ஒவ்வொரு வாலையும் விரலால் தொட்டு அங்கே இரண்டு எலக்ட்ரான் இருக்கிறதா என்று பார்ப்பேன், அம்புகளை மட்டும் வைத்து, விளைபொருளைக் கையால் மறைத்துக்கொண்டு, அடுத்த படத்தை நானே வரைவேன், பிறகு கையை எடுப்பேன். ஒத்துவராவிட்டால் பாதி நேரம் தவறு என்னுடையது, மீதி நேரம் ஸ்லைடுடையது. மின்சுமைக் குறியின் மேல் முடியும் அம்பு, அணுவின் எழுத்தைத் தாண்டி வெற்றிடத்தில் முடியும் அம்பு என்று கணினியில் வரையும்போது நகர்ந்துபோனவை நிறைய உண்டு.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வினை தருகிறேன். எத்தில் தொகுதிக்குப் பதிலாக மூவிணைய பியூட்டைல் தொகுதி உள்ள எஸ்டர், CH₃COOC(CH₃)₃, அமிலத்தில். தொடக்கம் பழையதுதான்: கார்பனைல் ஆக்சிஜனின் ஜோடி புரோட்டானைப் பிடிக்கிறது. ஆனால் அடுத்து நீர் வரும் வரை இது காத்திருப்பதில்லை. பியூட்டைல் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பே உடைந்து, அந்த ஜோடி இறங்கி இரட்டைப் பிணைப்பாகிறது; பழைய C=O இன் பை ஜோடி, நேர்மின்சுமை சுமக்கும் ஆக்சிஜன் மேல் ஏறிக்கொள்கிறது. வெளியே வருவது அசிட்டிக் அமிலமும் (CH₃)₃C⁺ உம். மூன்று மெத்தில் தொகுதிகள் தாங்கிப் பிடிப்பதால் அந்த நேர்மின் அயனியால் சற்று நேரமாவது இருக்க முடிகிறது. எத்தில் நேர்மின் அயனிக்கு அந்த வசதி கிடையாது. பிறகு அது நீரைப் பிடித்து ஆல்கஹால் ஆகும், அல்லது ஒரு புரோட்டானை இழந்து ஐசோபியூட்டிலீன் வாயுவாகப் போகும். பெப்டைடு தயாரிப்பவர்கள் டிரைபுளூரோ அசிட்டிக் அமிலத்தைச் சேர்த்து இந்தத் தொகுதியைக் கழற்றுவது இந்த வழியில்தான். மூன்று படங்களையும் அம்புகளோடு வரைந்து, ஆக்சிஜன்-18 நீரில் செய்தால் அடையாளம் இம்முறை எந்த விளைபொருளில் இருக்கும் என்று பாருங்கள். ஆல்கஹாலில் என்று வந்தால் உங்கள் அம்புகள் சரி.